ஒரே மூன்று பீக், இரண்டு மூலக்கூறு: என்.எம்.ஆர். படத்தை வாசிப்பது எப்படி?



இந்த வார எபிசோடில் என்.எம்.ஆர். கருவிக்குள்ள இருக்கிற காந்தம், திரவ ஹீலியம் பத்தியெல்லாம் பேசினோம். ஆனா அந்தக் கருவி கடைசியில் தர்ற படத்தை எப்படி வாசிக்கிறதுன்னு காதால் கேட்டுப் புரிஞ்சுக்கறது கஷ்டம். கோடுகளைக் கண்ணால் பார்க்கணும், எண்களை எழுதிப் பார்க்கணும். அதனால் அந்தப் பகுதியை இந்த மடலுக்குன்னு எடுத்து வச்சிட்டேன். ஸ்கூல்ல ஏ-லெவல் கெமிஸ்ட்ரி படிக்கிறவங்களுக்கும், யூனியில் முதல் வருஷம் ஆர்கானிக் லேப் போறவங்களுக்கும் இது நேரடியாகவே உதவும். மத்தவங்க இதை ஒரு துப்பறியும் புதிர் மாதிரி வாசிக்கலாம். பேனாவும் ஒரு தாளும் பக்கத்தில் இருந்தா நல்லது.

நான் எடுத்துக்கிற புதிர் இதுதான். ஒரு சின்னக் குப்பியில் நிறமில்லாத ஒரு திரவம் இருக்கு. அதன் மூலக்கூறு வாய்பாடு C₄H₈O₂ என்று வேறொரு கருவி சொல்லிவிட்டது. அணுக்கள் எத்தனை என்று தெரியும், எது எதோடு சேர்ந்திருக்கு என்று தெரியாது. இதே அணுக்களை வச்சு பியூட்டனாயிக் அமிலம் கட்டலாம், டயாக்ஸேன் என்ற வளையம் கட்டலாம், பல எஸ்டர்கள் கட்டலாம். நம்ம குப்பியில் இருப்பது எது?

திரவத்தில் ஒரு துளியை CDCl₃ என்ற கரைப்பானில் கரைத்து, 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் வைத்தால், திரையில் மூன்று இடத்தில் சிக்னல் வருது. அந்த விவரத்தை வேதியியல்காரர்கள் இப்படிச் சுருக்கி எழுதுவாங்க:

```
4.12  q  J = 7.1 Hz  2H
2.05  s              3H
1.26  t  J = 7.1 Hz  3H
```

ஒவ்வொரு வரியிலும் மூன்று துப்பு இருக்கு. முதல் எண், சிக்னல் எந்த இடத்தில் வந்தது என்பது. இதைக் கெமிக்கல் ஷிஃப்ட் என்பாங்க, அளவு பிபிஎம். நடுவில் இருக்கும் q, s, t என்பவை குவார்டெட், சிங்லெட், ட்ரிப்லெட். அந்தச் சிக்னல் நாலு கோடாகவோ ஒரே கோடாகவோ மூணு கோடாகவோ பிளந்திருக்கு என்று அர்த்தம். கடைசியில் இருக்கும் 2H, 3H என்பது பீக்கின் பரப்பிலிருந்து வந்த எண், அதாவது இன்டெக்ரல்.

இந்த மூன்று துப்பும் மூன்று வேறு கேள்விக்குப் பதில் சொல்லுது. இன்டெக்ரல் "இந்த வீட்டில் எத்தனை பேர்?" என்பதற்கு. பிளவு "பக்கத்து வீட்டில் எத்தனை பேர்?" என்பதற்கு. ஷிஃப்ட் "வீடு எந்தத் தெருவில் இருக்கு?" என்பதற்கு. இந்தக் கேள்விகளைக் கலந்துவிடாமல் தனித்தனியா வச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது.

முதல் துப்பு: இந்த வீட்டில் எத்தனை பேர்

என்.எம்.ஆர். படத்தில் பீக்கின் உயரம் முக்கியம் இல்லை, பரப்புதான் முக்கியம். ஒரு சிக்னலுக்கு அடியில் இருக்கும் பரப்பு, அந்தச் சிக்னலைத் தரும் ஹைட்ரஜன்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப இருக்கும். உயரமான ஒற்றைக் கோட்டில் 3 ஹைட்ரஜன் இருக்கலாம். குட்டையான நாலு கோடு சேர்ந்து 2 ஹைட்ரஜனைக் காட்டலாம். கண்ணால் பார்த்து எடை போட்டா ஏமாந்துபோவோம். அதனால் பரப்பைக் கணக்கிடும் வேலையை சாஃப்ட்வேரிடம் விட்டுடுறோம்.

இது ரொம்பப் பழைய கண்டுபிடிப்பு. 1951-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆர்னால்ட், தர்மாட்டி, பேக்கார்ட் என்ற மூவர் எத்தனாலை அளந்தபோது மூன்று தனி பீக் வந்தது. பரப்புகளின் விகிதம் 1:2:3. எத்தனாலின் வாய்பாடு CH₃CH₂OH. OH-இல் ஒரு ஹைட்ரஜன், CH₂-இல் இரண்டு, CH₃-இல் மூன்று. அப்படியே பொருந்திப் போனது. அந்த மூவரில் ஒருவரான தர்மாட்டி பிறகு இந்தியா திரும்பி, மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் என்.எம்.ஆர். ஆய்வைத் தொடங்கி வைத்தார்.

இப்போ நம்ம குப்பிக்கு வருவோம். சாஃப்ட்வேர் உண்மையில் 2, 3, 3 என்று தராது. அது தர்ற எண்கள் 1.00, 1.51, 1.49 என்பது மாதிரி இருக்கும். ஏதாவது ஒரு சிக்னலை 1 என்று வைத்து மற்றதை அதோடு ஒப்பிடுது, அவ்வளவுதான். ஒன்றரை ஹைட்ரஜன் என்று ஒன்று கிடையாது, அதனால் எல்லாத்தையும் 2-ஆல் பெருக்கறோம். 2.00, 3.02, 2.98 வருது. அதாவது 2:3:3. கூட்டினால் 8. வாய்பாட்டிலும் 8 ஹைட்ரஜன். கணக்கு நேராயிடுச்சு.

கடைசி வாக்கியம்தான் இங்க முக்கியம். இன்டெக்ரல் எண்ணிக்கையைச் சொல்றதில்லை, விகிதத்தைத்தான் சொல்லுது. 4:6:6 இருக்கும் ஒரு பெரிய மூலக்கூறும் இதே 2:3:3 ஆகத்தான் திரையில் தெரியும். வாய்பாடு கையில் இருந்ததால்தான் "2:3:3 என்பது நிஜமாவே 2, 3, 3" என்று நம்மால் சொல்ல முடிந்தது.

3.02, 2.98 என்ற சின்ன வித்தியாசத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வழக்கமான ஒரு அளவீட்டில் சில சதவீதம் அப்படி இப்படி இருக்கும். ஆனால் 3 வர வேண்டிய இடத்தில் 2.5 வந்தால் ஒரு காரணத்தை யோசிக்கணும். கருவி ஒரு பல்ஸ் கொடுத்து, சிக்னலைக் கேட்டு, கொஞ்சம் காத்திருந்து, அடுத்த பல்ஸைக் கொடுக்குது. அந்த இடைவெளியில் எல்லாப் புரோட்டானும் பழைய நிலைக்கு முழுசா திரும்பணும். சில புரோட்டான்கள் மெதுவாகத் திரும்பும். குறிப்பா, அருகில் வேறு ஹைட்ரஜன் இல்லாமல் தனியா நிற்பவை. அவை ஓய்வெடுத்து முடிக்கும் முன்னாடியே அடுத்த பல்ஸ் வந்தா அவற்றின் சிக்னல் கொஞ்சம் குறைவாகப் பதிவாகும். சந்தேகம் வந்தா காத்திருக்கும் நேரத்தை நீட்டி மறுபடி அளந்து பாருங்க. எண் ஏறினால் காரணம் அதுதான்.

இரண்டாவது துப்பு: பக்கத்து வீட்டில் எத்தனை பேர்

பிளவு எங்கேயிருந்து வருது என்று முதலில் பார்ப்போம். ஒவ்வொரு புரோட்டானும் ஒரு குட்டிக் காந்தம். கருவியின் பெரிய காந்தப் புலத்தில் அது இரண்டு நிலையில்தான் இருக்க முடியும். மேலே என்று ஒன்று, கீழே என்று ஒன்று. பக்கத்துக் கார்பனில் இருக்கும் புரோட்டான் மேலே பார்த்து இருந்தால் நம்ம புரோட்டான் உணரும் புலம் துளியூண்டு கூடும், கீழே பார்த்து இருந்தால் துளியூண்டு குறையும். இந்தச் செய்தி நடுவில் இருக்கும் பிணைப்புகளின் எலக்ட்ரான்கள் வழியா வந்து சேருது. குப்பியில் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் இருக்கு. கிட்டத்தட்ட பாதியில் பக்கத்துப் புரோட்டான் மேலே, பாதியில் கீழே. அதனால் ஒரு கோடு வர வேண்டிய இடத்தில் இரண்டு கோடு வருது.

பக்கத்தில் மூன்று புரோட்டான் இருந்தால்? மூன்று நாணயத்தைச் சுண்டிவிடுவது மாதிரி நினைச்சுக்கோங்க. மூன்றும் தலை விழ ஒரே வழி. இரண்டு தலை ஒரு பூ விழ மூன்று வழி. ஒரு தலை இரண்டு பூ, மூன்று வழி. மூன்றும் பூ, ஒரு வழி. ஆக நாலு கோடு, அவற்றின் அளவு 1:3:3:1. இதுதான் குவார்டெட். பக்கத்தில் இரண்டு புரோட்டான் இருந்தால் மூன்று கோடு, 1:2:1. இதுதான் ட்ரிப்லெட். பக்கத்தில் n புரோட்டான் இருந்தால் n+1 கோடு என்று ஸ்கூல்ல சொல்லிக் கொடுப்பது இந்த நாணயக் கணக்கைத்தான்.

தேர்வுத் தாள்களில் அதிகமா வழுக்குற இடம் இங்கேதான் இருக்கு. குவார்டெட்டைப் பார்த்ததும் "மூன்று ஹைட்ரஜன், அப்போ இது CH₃" என்று எழுதிவிடுவாங்க. அந்தச் சிக்னல் CH₃ இல்லை, CH₃-க்குப் *பக்கத்தில்* இருப்பது. நம்ம படத்தைப் பாருங்க: குவார்டெட்டின் இன்டெக்ரல் 2. இந்த வீட்டில் இரண்டு பேர், பக்கத்து வீட்டில் மூன்று பேர். அதாவது CH₃-க்குப் பக்கத்தில் நிற்கும் CH₂. ட்ரிப்லெட்டின் இன்டெக்ரல் 3. இந்த வீட்டில் மூன்று பேர், பக்கத்து வீட்டில் இரண்டு பேர். அதாவது CH₂-க்குப் பக்கத்தில் நிற்கும் CH₃. இரண்டும் ஒன்றையொன்று சுட்டிக் காட்டுது.

ஒரே CH₃-இல் இருக்கும் மூன்று ஹைட்ரஜனும் ஏன் ஒன்றையொன்று பிளக்கலை என்று கேட்கலாம். அந்தக் குழு வேகமா சுழன்றுகொண்டே இருப்பதால் மூன்றும் கருவிக்கு ஒன்றுபோலவே தெரியும். அப்படி முழுக்க ஒன்றுபோல இருக்கும் புரோட்டான்களுக்கு இடையே இருக்கும் பிளவு படத்தில் வராது.

இந்த இரண்டும்தான் ஜோடி என்று எப்படி உறுதி செய்வது? J என்ற எண்ணைப் பாருங்க. பிளந்த கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் அது. இவர் அவரை எவ்வளவு பிளக்கிறாரோ, அவரும் இவரை அதே அளவுதான் பிளப்பார். குவார்டெட்டில் 7.1, ட்ரிப்லெட்டிலும் 7.1. ஜோடி சரி. பெரிய மூலக்கூறில் நாலைந்து சிக்னல் பிளந்து கிடக்கும்போது யாருக்கு யார் பக்கத்து வீடு என்று கண்டுபிடிக்க இந்த ஒப்பீடு ரொம்ப உதவும்.

J-யை ஹெர்ட்ஸில்தான் எழுதணும், பிபிஎம்-இல் இல்லை. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 1 பிபிஎம் என்பது 400 ஹெர்ட்ஸ். நம்ம குவார்டெட்டின் நாலு கோடும் ஏறக்குறைய 4.147, 4.129, 4.111, 4.093 என்ற இடங்களில் இருக்கும். அடுத்தடுத்த கோடுகளின் இடைவெளி சுமார் 0.0178 பிபிஎம். அதை 400-ஆல் பெருக்கினால் 7.1 ஹெர்ட்ஸ். இதே திரவத்தை மேஜை மேல வைக்கிற 60 மெகாஹெர்ட்ஸ் கருவியில் போட்டால் இடைவெளி 0.118 பிபிஎம் ஆக விரிந்து தெரியும். ஆனால் 60-ஆல் பெருக்கினால் மறுபடி அதே 7.1 ஹெர்ட்ஸ். பிளவு மூலக்கூறின் சொந்தக் குணம், கருவி மாறினாலும் மாறாது.

மிச்சம் இருப்பது 2.05-இல் வரும் சிங்லெட். இன்டெக்ரல் 3, பிளவே இல்லை. மூன்று ஹைட்ரஜன் உள்ள ஒரு CH₃, அதன் பக்கத்து அணுவில் ஹைட்ரஜனே இல்லை. பக்கத்தில் இருப்பது ஆக்ஸிஜனா இருக்கலாம், C=O-வின் கார்பனா இருக்கலாம். இரண்டிலும் பிளக்க ஆள் கிடையாது. எது என்று சிங்லெட் சொல்லாது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, இதில்தான் புதிரின் முடிச்சு இருக்கு.

துண்டுகளைச் சேர்த்தால்

இப்போ கையில் இருப்பதை எண்ணிப் பார்ப்போம். CH₃CH₂ என்ற எத்தில் துண்டு ஒன்று, CH₃ துண்டு ஒன்று. சேர்த்தால் மூன்று கார்பன், எட்டு ஹைட்ரஜன். வாய்பாடு C₄H₈O₂. மிச்சம் ஒரு கார்பன், இரண்டு ஆக்ஸிஜன்.

இன்னொரு கணக்கும் போடலாம். வளையமோ இரட்டைப் பிணைப்போ இல்லாத நாலு கார்பன் மூலக்கூறில் 10 ஹைட்ரஜன் இருக்கணும். நம்மகிட்ட 8 தான் இருக்கு. குறைந்த ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு இரட்டைப் பிணைப்போ ஒரு வளையமோ உண்டு. ஆக இங்கே ஒன்று. மிச்சம் இருக்கும் ஒரு கார்பனையும் இரண்டு ஆக்ஸிஜனையும் இந்தக் கணக்கோடு பொருத்தினால் –C(=O)–O– என்ற எஸ்டர் பாலம் வருது.

மற்ற வேட்பாளர்கள் இங்கேயே வெளியே போயிடுவாங்க. டயாக்ஸேனாக இருந்தால் எட்டு ஹைட்ரஜனும் ஒன்றுபோல, 3.7 அருகே ஒரே ஒரு சிங்லெட் வந்திருக்கும். பியூட்டனாயிக் அமிலமாக இருந்தால் 11 அருகே அமில ஹைட்ரஜனின் அகலமான பீக் இருந்திருக்கும். ஃபார்மிக் அமிலத்தின் எஸ்டராக இருந்தால் 8 அருகே ஒரு ஹைட்ரஜன் நின்றிருக்கும். நம்ம படத்தில் இவை எதுவும் இல்லை.

ஆனா பாலத்துக்கு இரண்டு பக்கம் இருக்கு. ஒரு பக்கம் C=O, மறுபக்கம் O. எத்தில் எந்தப் பக்கம், மெத்தில் எந்தப் பக்கம்?

```
CH3–C(=O)–O–CH2CH3
CH3CH2–C(=O)–O–CH3
```

மேலே இருப்பது எத்தில் அசிடேட். கீழே இருப்பது மெத்தில் புரோப்பனோயேட். இப்போ இரண்டுக்கும் பிளவையும் இன்டெக்ரலையும் எழுதிப் பாருங்க. முதல்வருக்கு 2H குவார்டெட், 3H ட்ரிப்லெட், 3H சிங்லெட். இரண்டாமவருக்கும் 2H குவார்டெட், 3H ட்ரிப்லெட், 3H சிங்லெட். அச்சு அசல் ஒன்று. J கூட 7-க்கும் 8-க்கும் நடுவில்தான் இருக்கும்.

அதாவது, பிளவையும் இன்டெக்ரலையும் ஒரு தப்பும் இல்லாமல் வாசித்தவருக்கும் இங்கே சரியான விடை கிடைக்காது. இந்த இரண்டு துப்பும் துண்டுகள் எவை என்று சொல்லும். துண்டு எந்தப் பக்கம் ஒட்டியிருக்கு என்று இங்கே சொல்ல முடியாது. அதுக்கு நடுவில் ஹைட்ரஜன் வேணும், எஸ்டர் பாலத்தில் ஹைட்ரஜனே இல்லை. செய்தி பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேர்றதில்லை.

மூன்றாவது துப்பு: வீடு எந்தத் தெருவில்

ஹைட்ரஜனைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரான்கள் ஒரு குடை மாதிரி அதைக் காந்தப் புலத்திலிருந்து கொஞ்சம் மறைக்குது. பக்கத்தில் ஆக்ஸிஜன் இருந்தால் அது எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கும். குடை சுருங்கும். அப்போ சிக்னல் படத்தின் இடப்பக்கம், பெரிய பிபிஎம் எண்ணை நோக்கி நகரும்.

இதற்கு இரண்டு எண் மனசில் இருந்தால் போதும். எஸ்டரின் ஆக்ஸிஜனோடு நேரடியா ஒட்டிய கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன் 3.6 முதல் 4.4 வரை வரும். C=O-வுக்குப் பக்கத்துக் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன் 2 முதல் 2.6 வரை வரும். இரண்டு தெருவுக்கும் நடுவில் தாராளமா இடைவெளி இருக்கு.

இப்போ ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: 4-க்குப் பக்கத்தில் இருப்பது யார்? நம்ம படத்தில் 4.12-இல் இருப்பது குவார்டெட், அதாவது CH₂. அப்போ ஆக்ஸிஜனோடு ஒட்டியிருப்பது எத்தில். 2.05-இல் இருப்பது சிங்லெட் CH₃. அப்போ C=O-வோடு ஒட்டியிருப்பது மெத்தில். குப்பியில் இருப்பது எத்தில் அசிடேட். அசிட்டோன் இல்லாத நெயில் பாலிஷ் ரிமூவர்களில் பலவற்றில் நீங்க முகர்ந்திருக்கும் அதே பழவாசனைத் திரவம்.

மெத்தில் புரோப்பனோயேட்டாக இருந்திருந்தால் படம் இப்படி மாறியிருக்கும்:

```
3.67  s  3H
2.33  q  2H
1.14  t  3H
```

பிளவும் இன்டெக்ரலும் அப்படியே இருக்கு. சிங்லெட்டும் குவார்டெட்டும் மட்டும் தெரு மாறிக் குடிபோயிருக்கு. முனையில் இருக்கும் CH₃ ஆக்ஸிஜனிலிருந்து தள்ளி இருப்பதால் இரண்டு படத்திலும் 1.2 பக்கத்திலேயே நிற்குது. அதனால் ட்ரிப்லெட்டை வச்சு முடிவெடுக்காதீங்க. பாலத்தை ஒட்டி நிற்பவர்களை மட்டும் பாருங்க.

எத்தில் அசிடேட் அழைக்காமல் வந்தால்

இந்த மூலக்கூறை நான் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் இருக்கு. ஆர்கானிக் லேப்பில் ஒரு பொருளைத் தூய்மைப்படுத்த காலம் ஓட்டும்போது அதிகமா பயன்படுத்துற கரைப்பான்களில் ஒன்று எத்தில் அசிடேட். அதை ஆவியாக்கி எடுத்துட்டோம் என்று நினைப்போம். ஆனா கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இருக்கும். பிறகு உங்க பொருளின் படத்தில் 4.12 குவார்டெட், 2.05 சிங்லெட், 1.26 ட்ரிப்லெட் என்று இதே மூவரும் வந்து உட்காருவாங்க. புதுசா பார்ப்பவர் "என் மூலக்கூறில் ஒரு எத்தில் இருக்கு போல" என்று நினைத்தால் விடை எங்கேயோ போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க இன்டெக்ரல்தான் கை கொடுக்கும். உதாரணத்துக்கு நீங்க மெத்தில் பென்ஸோயேட் தயாரிச்சீங்க என்று வச்சுக்குவோம். அதன் OCH₃ 3.92-இல் சிங்லெட்டாக வரும். அதை 3.00 என்று வைத்தால், பென்ஸீன் வளையத்தின் ஐந்து ஹைட்ரஜனும் 2, 1, 2 என்று 8.0-க்கும் 7.4-க்கும் நடுவே பொருந்தி நிற்கும். ஆனா 4.12-இல் 0.30, 2.05-இல் 0.45, 1.26-இல் 0.45 என்று எண் வருது. 0.30 ஹைட்ரஜன் என்பது உங்க மூலக்கூறில் இருக்க முடியாது. ஆனால் அந்த மூன்று எண்ணையும் தங்களுக்குள் ஒப்பிட்டால் 2:3:3. தங்களுக்குள் முழு விகிதம், உங்க பொருளோடு ஒப்பிட்டால் பின்னம். இது வேறொரு மூலக்கூறு கூட வந்திருக்கு என்பதற்கான அடையாளம்.

எவ்வளவு வந்திருக்கு என்றும் கணக்கிடலாம். 0.30-ஐ 2 ஹைட்ரஜனால் வகுத்தால் 0.15. உங்க பொருள் 1 மோலுக்கு எத்தில் அசிடேட் 0.15 மோல். எடையில் பார்த்தால் 0.15 × 88.1 = 13.2 கிராம், 136.1 கிராம் மெத்தில் பென்ஸோயேட்டுக்கு. மொத்தத்தில் அது கிட்டத்தட்ட 9 சதவீதம். தராசில் 200 மில்லிகிராம் காட்டினால் அதில் சுமார் 18 மில்லிகிராம் வெறும் கரைப்பான். ஈல்டு கணக்கை எழுதுவதற்கு முன்னாடி இதைக் கழிக்கணும், இல்லாவிட்டால் மறுபடி வெற்றிடத்தில் வைத்து வெளியேற்றிவிட்டு எடை போடணும்.

இப்படி அடிக்கடி வரும் அழையா விருந்தாளிகளின் எண்களை 1997-இல் காட்லீப், கோட்லியார், நூடல்மன் என்ற மூவர் ஒரே அட்டவணையாக வெளியிட்டாங்க. பல லேப் சுவர்களில் அதன் பிரதி ஒட்டியிருக்கும். CDCl₃-இல் அளக்கும்போது அதிலிருந்து முதலில் தெரிஞ்சுக்க வேண்டியவை 7.26-இல் வரும் CHCl₃-உம், 1.56-இல் வரும் தண்ணீரும். இந்த இரண்டையும் அடித்துவிட்ட பிறகுதான் மிச்ச சிக்னல்களை எண்ணத் தொடங்கணும்.

நாணயக் கணக்கு எங்கே பொய்க்கும்

n+1 விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒன்றையொன்று பிளக்கும் இரண்டு சிக்னல்களும் படத்தில் தள்ளித் தள்ளி நிற்கணும். நம்ம எத்தில் அசிடேட்டில் 4.12-க்கும் 1.26-க்கும் இடையே 2.86 பிபிஎம், அதாவது 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 1144 ஹெர்ட்ஸ் தூரம். J வெறும் 7.1. அதனால் கோடுகள் அழகா 1:3:3:1 என்று வருது.

இரண்டு சிக்னலும் நெருங்கி வந்தால் கோடுகளின் உயரம் கோணும். ஜோடியை நோக்கி இருக்கும் பக்கத்துக் கோடுகள் உயர்ந்து, எதிர்ப்பக்கக் கோடுகள் தாழும். ஒரு கூரையின் இரண்டு சரிவு மாதிரி தெரியும். இன்னும் நெருங்கினால் எண்ணவே முடியாத ஒரு கொத்தா ஆகிவிடும். மெத்தில் பென்ஸோயேட்டின் வளையத்து ஹைட்ரஜன்களை உற்றுப் பார்த்தால் அங்கே சுத்தமான ட்ரிப்லெட் கிடைக்காது, சின்னச் சின்ன உபரிக் கோடுகள் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் கோடுகளை எண்ணி மல்லுக்கட்ட வேண்டாம். அதை "m", மல்ட்டிப்லெட், என்று எழுதிவிட்டு இன்டெக்ரலை மட்டும் எடுத்துக்கோங்க.

பக்கத்து வீடு இரண்டு பக்கமும் இருந்து, இரண்டு பக்கத்து J-யும் வேறு வேறாக இருந்தாலும் n+1 வேலை செய்யாது. அப்போ ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியா பிளவு போட்டுப் பார்க்கணும். அதை இன்னொரு மடலில் படம் போட்டே பார்ப்போம்.

உங்களுக்கு ஒன்று

இதே மூவர் மறுபடி வர்றாங்க, ஆனா வாய்பாட்டில் ஒரு ஆக்ஸிஜன் குறைவு: C₄H₈O.

```
2.46  q  2H
2.14  s  3H
1.06  t  3H
```

தாளில் போட்டுப் பார்த்துட்டு வாங்க, பிறகு கீழே படிங்க.

இன்டெக்ரல் 2:3:3, கூட்டினால் 8, சரி. குவார்டெட்டும் ட்ரிப்லெட்டும் சேர்ந்தால் எத்தில். சிங்லெட் ஒரு CH₃. மிச்சம் ஒரு கார்பன், ஒரு ஆக்ஸிஜன், ஒரு இரட்டைப் பிணைப்பு: C=O. இப்போ தெருவைப் பாருங்க. 4-க்குப் பக்கத்தில் ஆளே இல்லை. குவார்டெட்டும் சிங்லெட்டும் இரண்டுமே 2-க்கும் 2.6-க்கும் நடுவில், C=O தெருவில் இருக்கு. பாலத்தின் இரண்டு பக்கமும் ஒன்றுதான், அதனால் எந்தப் பக்கம் யார் என்ற கேள்வியே இங்கே எழாது. CH₃–C(=O)–CH₂CH₃, பியூட்டன்-2-ஓன்.

அடுத்த எபிசோடில் CDCl₃-இல் அந்த D எதுக்கு இருக்கு என்று பேசுவோம். அதுக்குள்ள உங்க பாடப் புத்தகத்திலோ லேப் நோட்டிலோ இப்படிக் குழப்பும் ஒரு படம் இருந்தா, அதன் எண்களை எழுதி அனுப்புங்க. விடையோட அனுப்பாதீங்க, நாங்களும் தாளில் போட்டுப் பார்க்கறோம்.